2,800 ரூபாய் கிரைண்டரை 2,500க்குக் கொடுக்கலாமா?

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை ஒன்று. டீலர்களுக்கு ஒரு கிரைண்டர் 3,000 ரூபாய்க்குப் போகிறது. அதன் அடக்கவிலை 2,800 என்று கணக்குப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். புதிதாக ஒரு வியாபாரி வந்து, தன் கடைப் பெயரைப் பொறித்து 400 கிரைண்டர் வேண்டும் என்கிறார். ஆனால் ஒன்றுக்கு 2,500க்கு மேல் தரமாட்டாராம். ஆர்டரை எடுக்கலாமா, வேண்டாமா?

பி.காம். வகுப்பிலும் சி.எம்.ஏ. வகுப்பிலும் அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் ஆண்டுதோறும் ஏதாவதொரு உருவத்தில் வரும் கேள்வி இது. சில சமயம் கிரைண்டருக்குப் பதிலாகச் சட்டை, சில சமயம் பம்பு, பல சமயம் வெறும் ‘பொருள் எக்ஸ்’. கீழே வரும் எண்களும் பாடத்துக்காக அமைத்தவைதான். ஆனால் கேள்வி வகுப்போடு நிற்பதில்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது டெண்டர் போட நினைத்த ஒவ்வொரு உற்பத்தியாளரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டியிருந்த கணக்கு இதே வகைதான்: ஒரே வாங்குநர், பெரிய எண்ணிக்கை, கடை விலைக்குக் கீழான விலை.

யோசிக்காமல் வரும் பதில், ‘வேண்டாம்’. ஒன்றுக்கு 300 ரூபாய் நஷ்டம், 400 கிரைண்டருக்கு 1,20,000 ரூபாய் போய்விடும். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை அந்த 2,800க்குள் இருக்கிறது.

அதைப் பிரித்துப் பார்ப்போம். பட்டறை மாதம் 1,500 கிரைண்டர் செய்து விற்கிறது. 2,000 வரை செய்ய இடமும் இயந்திரமும் உண்டு. ஒரு கிரைண்டருக்கு டிரம், கல், மோட்டாருக்கான சாமான் எல்லாம் சேர்ந்து மூலப்பொருள் 1,700 ரூபாய். பீஸ் ரேட் கூலி 250. மின்சாரம், பேக்கிங், சில்லறைச் செலவு 150. டீலர் கமிஷன் 100. ஆக 2,200. இது ஒவ்வொரு கிரைண்டருக்கும் புதிதாகக் கையை விட்டுப் போகும் பணம். ஒன்று கூடுதலாகச் செய்தால் 2,200 கூடும், ஒன்று குறைந்தால் 2,200 மிஞ்சும். இதுதான் மாறும் செலவு.

மிச்சம் 600 வேறு ஜாதி. கட்டட வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், அலுவலகச் செலவு, இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 9,00,000 ரூபாய். அதை 1,500ஆல் வகுத்தபோது வந்ததுதான் அந்த 600. கல்யாண வீட்டில் சாப்பாட்டை இலைக்கு இவ்வளவு என்று பேசுகிறோம், மண்டப வாடகையை அப்படிப் பேசுவதில்லை. கடைசி நேரத்தில் நூறு பேர் கூடுதலாக வந்தால் இலைக் கணக்கு ஏறும், மண்டபக்காரர் வாடகையைக் கூட்டமாட்டார். ஒன்பது லட்சமும் அந்த வாடகையைப் போன்றதுதான். 1,500 செய்தாலும் 1,900 செய்தாலும் மாத முடிவில் கட்ட வேண்டிய தொகை ஒன்றே.

இதை மனத்தில் வைத்துப் புதிய ஆர்டரைத் திரும்பப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. நேரே வந்த வாங்குநர் என்பதால் டீலர் கமிஷன் 100 இல்லை. கடைப் பெயர் பொறிக்க ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதல். ஆக மாறும் செலவு 2,150. அவர் தருவது 2,500. வித்தியாசம் 350. விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சும் இந்தத் தொகைக்குத்தான் வகுப்பில் பங்களிப்பு என்று பெயர், மாணவர் வாயில் ‘கான்ட்ரிபியூஷன்’. நிலையான செலவை அடைக்கவும், அது அடைபட்ட பிறகு லாபமாகவும் சேரும் பணம். 400 கிரைண்டருக்கு 1,40,000 ரூபாய். பெயர் பொறிக்க அச்சு ஒன்று செய்ய ஒரே தடவைச் செலவு 20,000. கழித்தால் 1,20,000 மிச்சம்.

முழு அடக்கவிலைக் கணக்கு 1,20,000 நஷ்டம் என்றது. மார்ஜினல் காஸ்டிங் அதே தொகையை லாபம் என்கிறது. எது சரி என்று பார்க்க ஒரு வழி உண்டு, தேர்வுத்தாளிலும் அதைச் செய்து காட்டலாம். ஆர்டர் இல்லாத மாதத்தையும் ஆர்டர் உள்ள மாதத்தையும் முழுதாக எழுதிவிடுவது. ஆர்டர் இல்லாவிட்டால் 1,500 கிரைண்டர், ஒன்றுக்குப் பங்களிப்பு 800, மொத்தம் 12,00,000. நிலையான செலவு 9,00,000 போக லாபம் 3,00,000. ஆர்டரை எடுத்தால் அதே 12,00,000 உடன் 1,20,000 சேர்கிறது. செலவு அதே 9,00,000. லாபம் 4,20,000. வங்கிக் கணக்கில் இருக்கப்போவது இதுதான்.

அப்படியானால் அந்த 600 எங்கே போயிற்று? 1,900 கிரைண்டர் செய்யும் மாதத்தில் ஒன்பது லட்சத்தை 1,900ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 474 ரூபாய்தான் விழுகிறது. ஆர்டரை எடுப்பதா என்று முடிவு செய்யப் பயன்படுத்திய எண்ணே, ஆர்டரை எடுத்தவுடன் மாறிவிடுகிறது. நிலையான செலவை ஒற்றைப் பொருளின் தலையில் கட்டி முடிவெடுப்பதில் உள்ள கோளாறு இதற்கு மேல் விளக்கம் கேட்காது.

இந்தக் கோளாறு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923இல் மேற்செலவுகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஒரு நோக்கத்துக்குச் சரியான செலவு எண் இன்னொரு நோக்கத்துக்குத் தவறாகலாம் என்பது அதன் அடிநாதம். 1936இல் ஜொனாதன் ஹாரிஸ் அமெரிக்க அடக்கவிலைக் கணக்காளர் சங்கத்தின் இதழில், விற்பனை கூடிய மாதத்தில் ஏட்டு லாபம் குறைந்து காட்டும் விந்தையை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை, இந்த முறையைப் பரவலான பேச்சுக்குக் கொண்டுவந்தவற்றில் ஒன்று. ஆனாலும் முழு அடக்கவிலை ஒழிந்துபோகவில்லை, ஒழியவும் முடியாது. வெளியே காட்டும் நிதியறிக்கைக்காகக் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது தொழிற்சாலையின் நிலையான செலவிலும் ஒரு பங்கைச் சேர்த்தாக வேண்டும் என்கிறது இந்தியாவின் கணக்கியல் தரம் 2. அதனால் கணக்குப் பிள்ளை 2,800 என்ற வகை எண்ணை எழுதிவைப்பதில் குற்றமில்லை. ஆண்டறிக்கைக்காகப் பிறந்த எண்ணை விலைபேசும் மேசைக்கு இழுத்து வருவதில்தான் சிக்கல்.

இதுவரை எளிது. பாடத்தை நெட்டுருப் போட்டவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ‘மாறும் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் கிடைத்தாலும் ஆர்டரை எடு’ என்று சூத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டறையில் காலி இடம் இருக்கும் வரைதான் அது செல்லும்.

அதே வியாபாரி 400க்குப் பதில் 900 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூடக் குறையக் கூடாது, இந்த மாதமே வேண்டும். பட்டறையின் காலித் திறன் 500தான். மிச்சம் 400க்காக டீலர்களுக்குப் போகவேண்டிய 400 கிரைண்டரை வெட்ட வேண்டும். டீலருக்குப் போகும் ஒவ்வொன்றும் 800 ரூபாய் பங்களிப்பு தந்துகொண்டிருந்தது. அந்த 3,20,000 ரூபாய் எந்த ரசீதிலும் வராது, எந்தப் பேரேட்டிலும் செலவு என்று ஏறாது. ஆனால் இழப்பு உண்மையானது. புதிய ஆர்டர் தருவது 900க்கு 350 வீதம் 3,15,000. அச்சுச் செலவு 20,000 போக 2,95,000. ஆக, ஆர்டர் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதானபோது பட்டறை 25,000 ரூபாய் ஏழையாகிறது.

எந்த விலைக்கு ஒப்புக்கொள்ளலாம்? இங்கே குறைந்தபட்ச விலை என்பது மாறும் செலவு மட்டுமல்ல, கைவிட்ட பங்களிப்பும் அதில் ஏற வேண்டும். 2,150 உடன், அச்சுக்கு ஒன்றுக்குச் சுமார் 22 ரூபாய், இழந்த 3,20,000ஐ 900ஆல் வகுத்தால் சுமார் 356 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 2,528. அதற்கு மேல் பேசி வாங்கினால் லாபம், 2,500க்கு நஷ்டம். 400 கிரைண்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 2,200 போதும். ஒரே கிரைண்டர், ஒரே மூலப்பொருள், ஒரே கூலி. எண்ணிக்கை மாறியதில் அடிமட்ட விலை 300 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. அடக்கவிலை என்ன என்று கேட்பவருக்கு, எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

இன்னொரு கசிவும் உண்டு. விடைத்தாளில் கடைசி இரண்டு வரியில் ‘பிற காரணிகள்’ என்று எழுதி ஒப்பேற்றப்படுவது, பட்டறைக்காரருக்கோ முதல் கவலை. 2,500க்குக் கொடுத்த சேதி டீலர்களுக்கு எட்டி, எங்களுக்கும் நூறு ரூபாய் குறைத்துக் கொடு என்று அவர்கள் நின்றால், 1,500 கிரைண்டருக்கு 1,50,000 ரூபாய் போகும். அதுவும் மாதாமாதம். ஆர்டரால் வந்த 1,20,000 ஒரே தடவை. இதைப் பிற காரணி என்று ஓரம் கட்டாமல் கணக்குக்குள்ளேயே எழுதலாம். கடைப் பெயர் பொறித்த சரக்கு, வேறு ஊர், வேறு மாடல், ஏற்றுமதி என்று சிறப்பு ஆர்டர்கள் பெரும்பாலும் தனி வேலியோடு வருவது இந்தக் கசிவை அடைக்கத்தான். அரசு டெண்டருக்கும் இது பொருந்தும். இலவசமாகக் கிரைண்டர் வந்த வீட்டார் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவார்களா என்ற கேள்வியின் விடையும் பங்களிப்புக் கணக்கில் ஒரு வரியாக ஏற வேண்டும்.

பட்டறையின் அடுத்த கேள்வி மோட்டாரைப் பற்றியது. செய்வதா, வாங்குவதா?

இப்போது மோட்டாரை உள்ளேயே காயில் சுற்றிச் செய்கிறார்கள். செம்புக் கம்பி, ஸ்டாம்பிங், ஷாஃப்ட், பேரிங் எல்லாம் 520 ரூபாய். சுற்றும் கூலி 130. வார்னிஷ், மின்சாரம் 50. ஆக மாறும் செலவு 700. மாதச் செலவு ஒன்பது லட்சத்தில் 3,00,000ஐ இந்தப் பிரிவின் பெயரில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். 1,500 மோட்டாருக்கு வகுத்தால் ஒன்றுக்கு 200. அடக்கவிலை 900. வெளியே ஒருவர் 800க்குத் தருகிறேன் என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 1,50,000 மிச்சம்.

இங்கேயும் அதே கத்தியை எடுக்க வேண்டும், ஆனால் சற்று வேறு கோணத்தில். வாங்கத் தொடங்கினால் நிற்கும் செலவு எது என்பதே கேள்வி. 700 நிச்சயம் நிற்கும். அந்த இடத்தில் 800 வரும். ஆக ஒன்றுக்கு 100 கூடுதல், மாதம் 1,50,000 அதிகம் போகிறது. பாதிப் புத்தகங்கள் இங்கே ‘ஆகவே செய்க’ என்று கோடு போட்டுவிடும். அவசரம். மூன்று லட்சம் முழுதும் அசையாத பாறையா என்று பார்க்காமல் கோடு போடக் கூடாது.

அந்த மூன்று லட்சத்தில், காயில் பிரிவுக்கென்றே எடுத்த தனி ஷெட்டின் வாடகை 60,000. அந்தப் பிரிவுக்கு மட்டும் உள்ள மேற்பார்வையாளர் சம்பளம் 35,000. சுற்றும் இயந்திரம் ஒன்றின் வாடகை 25,000. பிரிவை மூடினால் இந்த 1,20,000 நிற்கும். மீதி 1,80,000, பொதுக் கட்டட வாடகையிலும் அலுவலகச் சம்பளத்திலும் ஒரு பங்கு, சொந்த இயந்திரத்தின் தேய்மானம். பிரிவு மூடினால் அந்தப் பங்கு அசெம்பிளி பிரிவின் தலைக்கு இடம் மாறுமே தவிர, பட்டறையை விட்டுப் போகாது. தேய்மானமோ என்றோ கொடுத்த பணத்தின் நிழல். அந்த இயந்திரத்தை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கணக்கில் இடம் உண்டு, ஏட்டில் அதன் மதிப்பு என்ன என்பதற்கு இல்லை.

ஆக, வாங்கினால் கூடுதல் 1,50,000, மிச்சம் 1,20,000. செய்வதே மாதம் 30,000 லாபம். ஆனால் இது 1,500 மோட்டாருக்கான விடை. ஒன்றுக்கு 100 ரூபாய் வித்தியாசம், தவிர்க்கக்கூடிய நிலையான செலவு 1,20,000. இரண்டும் சமமாவது 1,200 மோட்டாரில். மாதம் 1,200க்கு மேல் ஓடும் பட்டறை செய்ய வேண்டும், அதற்குக் கீழே படுத்துவிட்ட பட்டறை வாங்க வேண்டும். விற்பனை மந்தமான மாதத்தில் மட்டும் ஷெட்டைக் காலி செய்துவிட்டுத் தீபாவளிக்கு முன் திரும்ப வாடகைக்கு எடுப்பது நடக்காது என்பதால், ஒரு மாத எண்ணை வைத்து அல்லாமல் ஆண்டு முழுதும் ஓடும் எண்ணிக்கையை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

அதே ஷெட்டை விடாமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால்? அங்கே மேசை மேல் வைக்கும் சிறு கிரைண்டர் அசெம்பிள் செய்து மாதம் 1,00,000 பங்களிப்பு பார்க்க முடியும் என்றால், வாடகை 60,000 மிச்சமாகாது, மேற்பார்வையும் இயந்திர வாடகையும் சேர்ந்த 60,000 மட்டும் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 1,60,000. கூடுதல் செலவு 1,50,000தான். இப்போது வாங்குவது நல்லது, பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில். மோட்டாரின் விலை மாறவில்லை, செலவு மாறவில்லை. காலி இடத்துக்கு வேலை கிடைத்தது, விடை மாறிவிட்டது. 900 கிரைண்டர் ஆர்டரில் விலையை உயர்த்திய அதே இழந்த வாய்ப்பு, இங்கே செய்வதற்கு எதிர்ப்பக்கம் ஏறி உட்கார்கிறது.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று தொடுவதை வகுப்பில் பெரும்பாலும் காட்டுவதில்லை, தனித்தனி அத்தியாயமாக முடித்துவிடுகிறார்கள். மோட்டாரை வாங்கத் தொடங்கினால் கிரைண்டரின் மாறும் செலவு 100 ஏறுகிறது. அப்போது அந்த 400 கிரைண்டர் ஆர்டரின் பங்களிப்பு ஒன்றுக்கு 350இலிருந்து 250 ஆகிறது, அச்சுச் செலவு போக 80,000தான் மிஞ்சும். நிலையான செலவைக் குறைத்து மாறும் செலவைக் கூட்டிக்கொண்ட பட்டறைக்கு மந்தத்தில் நிம்மதி அதிகம், மலிவு விலை ஆர்டரில் வளைந்துகொடுக்கும் இடம் குறைவு.

பாடத்தின் எல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூலி மாறும் செலவு என்று வகுப்பில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். பீஸ் ரேட்டில் சுற்றுபவருக்கு அது சரி. மாதச் சம்பளத்தில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளர் என்றால், மோட்டாரை வாங்கினாலும் அவர் சம்பளம் ஓடும். அப்போது நிற்கும் செலவு 700 அல்ல, 570தான். 800க்கு வாங்குவது ஒன்றுக்கு 230 ரூபாய் கூடுதல் என்றாகிறது. எது மாறும், எது நிற்கும் என்பதைச் செலவின் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த முடிவுக்கு, இந்தக் காலத்துக்குள் அது மாறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். காலத்தை நீட்டினால் ஷெட் வாடகைகூட மாறும் செலவுதான்.

மோட்டார் கணக்கில் கடைசியாக ஒன்று, செம்பு. அதன் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. உள்ளே செய்யும் மோட்டாரின் மூலப்பொருள் 520இலிருந்து 620க்குப் போனால் மாறும் செலவு 800 ஆகிவிடும். வெளியாள் இன்னமும் 800க்கே தருவார் என்றால், 1,20,000 முழுதும் வாங்குவதன் பக்கம் சேரும். ஆனால் அவரும் அதே சந்தையில்தான் கம்பி வாங்குகிறார். காயில் சுற்றுபவர்களை அனுப்பிவிட்டு ஷெட்டையும் ஒப்படைத்த பிறகு அவர் 900 கேட்டால், பட்டறைக்காரர் திரும்பிப் போக இடமிருக்காது. அதனால் 800 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அது எத்தனை மாதத்துக்கு, செம்பு ஏறினால் யார் தலையில் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே, மேலே போட்ட கூட்டல் கழித்தலைத் தொடங்க முடியும்.